நாற்பது நாள் கணக்கும் தாயின் மனநிலையும்



நம் வீடுகளில் பிள்ளை பெற்ற பெண் சோர்ந்து கிடந்தாலும், காரணமின்றி அழுதாலும், குழந்தையைப் பார்க்க மனமின்றித் திரும்பிப் படுத்தாலும், பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: "நாற்பது கழியட்டும், எல்லாம் சரியாகிவிடும்." அன்பினால் சொல்லப்படும் வார்த்தைதான் அது. ஆனால் இந்த நாற்பது என்ற எண் எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று யோசித்தால், அதைத் தாயின் மனநிலைக்கு அளவுகோலாக வைப்பது எவ்வளவு பிழையானது என்பது விளங்கும்.

நாற்பது என்பது நிஃபாஸ் என்னும் பேறுகால இரத்தப்போக்கோடு தொடர்புடைய கணக்கு. ஹனஃபி மத்ஹபில் அதன் உச்ச வரம்பு நாற்பது நாள். ஷாஃபிஈ மத்ஹபில் பெரும்பாலும் நாற்பது, உச்ச வரம்பு அறுபது. எப்போது குளித்துத் தொழத் தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க மார்க்க அறிஞர்கள் வகுத்த சட்டம் அது. உதிரம் அதற்கு முன்பே நின்றுவிட்டால் அப்போதே குளித்துத் தொழலாம் என்பதும் அதே சட்டத்தின் பகுதியே. ஆகவே அது உதிரத்தைப் பற்றிய சட்டம். மனம் நாற்பதாம் நாள் தெளியும் என்று எந்த ஃபிக்ஹ் நூலும் கூறவில்லை. தாயின் மனத்துக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் முதல் எல்லைக்கோடு நாற்பதாம் நாளில் இல்லை, பதினான்காம் நாளில் இருக்கிறது. இதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் இரண்டு வாரங்கள்

நஞ்சுக்கொடி வெளியேறியவுடன், கர்ப்ப காலம் முழுவதும் உடலில் மிகுந்திருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய சுரப்புநீர்களின் அளவு ஓரிரு நாள்களுக்குள் செங்குத்தாகச் சரிகிறது. அத்துடன் தூக்கக் குறைவும், தையலின் வலியும், பால் கட்டிக்கொள்ளும் வேதனையும் சேர்ந்துகொள்கின்றன. இதன் விளைவாக மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள், பெற்ற தாய்மாரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஒரு மனத்தளர்ச்சி ஏற்படுகிறது. சற்றுமுன் சிரித்தவள் இப்போது அழுவாள். யாரேனும் குழந்தையைப் பற்றி ஒரு சொல் சொன்னால் தாங்கமாட்டாள். இது நோயன்று. இதற்கு மருந்தும் தேவையில்லை. ஓய்வும் உணவும், பேச்சுக்குக் காதுகொடுக்கும் ஒருவரும் போதும். பத்து நாள்களில், நீண்டால் பதினான்கு நாள்களில், இது தானாகவே விலகிவிடும்.

இரண்டு வாரம் கடந்த பின்னும் அந்தத் துயரம் விலகாமல் இருந்தாலோ, அல்லது முதல் சில வாரங்கள் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு தொடங்கினாலோ, அது வேறு நிலை. அதற்குப் பேறுகால மனச்சோர்வு என்று பெயர். பிரசவத்துக்குப் பின் முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் அது தோன்றலாம். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ ஐந்து தாய்மாரில் ஒருவருக்கு இது காணப்பட்டுள்ளது. அப்படியானால் நம் மஹல்லாவில் இவ்வாண்டு பிள்ளை பெற்றவர்களிலும் சிலர் இதை யாரிடமும் சொல்லாமல் சுமந்துகொண்டிருக்கக்கூடும்.

களைப்பா, நோயா?

கைக்குழந்தை உள்ள எந்தத் தாய்தான் களைப்பாக இல்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெறும் களைப்பையும் மனச்சோர்வையும் பிரித்தறிய மருத்துவர்கள் கேட்கும் எளிய கேள்வி ஒன்று உண்டு: குழந்தை தூங்குகிறது, வேறொருவர் பார்த்துக்கொள்ளவும் இருக்கிறார், அப்போது தாயால் தூங்க முடிகிறதா? களைப்பு மட்டுமே என்றால் தலை சாய்த்தவுடன் உறங்கிவிடுவாள். நாலைந்து மணி நேரத் தூக்கம் கிடைத்தால் முகம் தெளிந்து எழுவாள். மனச்சோர்வு உள்ளவளோ குழந்தை தூங்கும்போதும் விழித்துக் கிடப்பாள். அல்லது எவ்வளவு தூங்கியும் பாரம் குறையாமல் எழுவாள். முன்பு பிடித்த எதுவும் இப்போது அவளுக்குப் பிடிக்காது. தான் நல்ல தாயல்ல என்ற எண்ணம் நாள் முழுதும் அவளை அரிக்கும். பசி போய்விடும். சிலருக்கு அழுகையே வராது. வெறுமையும் எரிச்சலும்தான் இருக்கும். குழந்தையின் மூச்சு நிற்கிறதா என்று இரவெல்லாம் எழுந்து பார்க்கும் ஓயாத பதற்றமாகவும் அது வெளிப்படலாம்.

உடற்காரணங்களையும் மறந்துவிடக் கூடாது. பிரசவத்தில் இரத்தம் அதிகம் இழந்த பெண்ணுக்கு இரத்தசோகை இருந்தால் படியேறினாலே மூச்சு வாங்கும், தலை சுற்றும், மனமும் தளரும். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் தைராய்டு சுரப்பி தடுமாறினாலும் அதே சோர்வும் அதே பதற்றமும் வரும். ஆகவே ஹீமோகுளோபின் அளவையும் தைராய்டையும் காட்டும் இரண்டு எளிய இரத்தப் பரிசோதனைகளை முதலில் செய்துகொள்வது அவசியம். "மனநோய்" என்ற பேச்சுக்கே அஞ்சும் குடும்பங்களுக்கும் இந்தப் பரிசோதனை மருத்துவரிடம் செல்ல நல்ல வாசலாக அமையும்.

தொழுகை விரிப்பில் தெரியும் நோய்

நம் வீடுகளில் இந்த நோய் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் தொழுகையில்தான். நிஃபாஸ் முடிந்து குளித்த பின்னும் பெண் தொழுகைக்கு எழவில்லை, எழுந்தாலும் எத்தனை ரக்அத் தொழுதோம் என்று தெரியாமல் நிற்கிறாள், குர்ஆனைத் திறந்து வைத்தபடி வெறித்துப் பார்க்கிறாள் என்றால், "ஈமான் குறைந்துவிட்டது" என்று வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். அவளும் அவ்வாறே எண்ணி மேலும் ஒடுங்குகிறாள். கவனம் நிலைக்காமை, எதைத் தொடங்கவும் உள்ளம் இயங்காமை, குற்ற உணர்வு ஆகியவை இந்நோயின் அறிகுறிகள் என்பதை அவள் அறிந்திருப்பதில்லை. எலும்பு முறிந்தவன் ருகூவில் குனிய முடியாததை யாரும் ஈமானின் குறைவாகக் கருதுவதில்லை. மனம் முறிந்தவளுக்கு மட்டும் ஏன் வேறு தீர்ப்பு?

இதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்பதற்குத் திருக்குர்ஆனே சான்று. மர்யம் அத்தியாயத்தில், பிரசவ வேதனையின் உச்சத்தில் மர்யம் (அலை) அவர்கள் இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியது சொல்லப்படுகிறது. அந்தச் சொல்லுக்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. கவலை வேண்டாம் என்ற ஆறுதலும், காலடியில் நீரோடையும், கனிந்த பேரீச்சம்பழமும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. துயருற்ற தாய்க்கு முதலில் தரவேண்டியது உபதேசம் அன்று, உணவும் நீரும் ஆறுதலுமே என்பதை இதைவிடத் தெளிவாக எவ்வாறு சொல்ல முடியும்?

ஓர் எடுத்துக்காட்டு

பலருடைய வாழ்வில் நடப்பவற்றைக் கொண்டு புனைந்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இருபத்தாறு வயதுப் பெண், முதல் குழந்தை, அறுவைப் பிரசவம். தாய்வீட்டில் இருக்கிறாள். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். நான்காம் நாள் காரணமில்லாமல் அழுதாள், பத்தாம் நாளில் தெளிந்துவிட்டாள். வீட்டார் நிம்மதி அடைந்தார்கள். மூன்றாம் வாரத்தில் தாய்ப்பால் போதவில்லை என்ற பேச்சு எழுந்தது. வருகிறவர்கள் எல்லாம் குழந்தை மெலிந்திருப்பதாகச் சொன்னார்கள். அதன் பிறகு அவள் தூக்கம் கெட்டது. குழந்தை உறங்கினாலும் அவள் விழித்திருந்தாள். நாற்பதாம் நாள் குளிப்பாட்டி, புத்தாடை உடுத்தி, விருந்தும் முடிந்தது. மறுநாள் முதல் அவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. கணவரின் காணொளி அழைப்பையும் எடுக்கவில்லை. ஏழாம் வாரத்தில் தடுப்பூசிக்காகக் குழந்தையை எடுத்துச் சென்றபோது, செவிலியர் குழந்தையின் எடை சரியாகக் கூடியிருப்பதைக் காட்டினார். அதைக் கேட்டும் அவள் முகம் மாறவில்லை. செவிலியர் அதைக் கவனித்து, மருத்துவரிடம் அனுப்பினார்.

அங்கே அவளிடம் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் கொடுக்கப்பட்டது. எடின்பரோ அளவுகோல் எனப்படும் இது 1987இல் ஸ்காட்லாந்தில் உருவாக்கப்பட்டது. தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாள்களில் சிரிக்க முடிந்ததா, தேவையின்றித் தன்னையே குறை கூறிக்கொண்டாளா, காரணமின்றி அஞ்சினாளா, துயரத்தால் தூக்கம் கெட்டதா என்பன போன்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பொதுவாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலும் விசாரிக்க வேண்டும். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம். இந்தத் தாள் நோயை உறுதிசெய்வதில்லை, யாரிடம் விரிவாகப் பேச வேண்டும் என்பதைச் சுட்டுகிறது. அவள் பெற்ற மதிப்பெண் 16. தூக்கத்துக்கும் சுயநிந்தனைக்கும் மும்மூன்று. தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றிய பத்தாவது கேள்விக்கு 1.

அந்த ஒன்றுதான் மருத்துவரை நிறுத்தியது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பத்தாவது கேள்விக்குப் பூஜ்யம் அல்லாத விடை வந்தால் அன்றே பேசியாக வேண்டும். மருத்துவர் அவளிடம் நேராகவே கேட்டார். அவ்வாறு கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. மாறாக, யாரோ கேட்டுவிட்டார்களே என்ற விடுதலைதான் பிறக்கும். செத்துப்போனால் குழந்தைக்கு நல்ல தாய் கிடைப்பாள் என்று ஓரிருமுறை தோன்றியதாகவும், எப்படி என்றெல்லாம் திட்டமிடவில்லை என்றும் அவள் சொன்னாள். திட்டம் இருந்திருந்தால் அன்றே மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்திருக்கும்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9 என்று வந்தது. தைராய்டு சரியாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கப்பட்டது. மனநல மருத்துவர் வாரம் ஒருமுறை பேச்சு சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து, செர்ட்ராலின் என்ற மாத்திரையையும் எழுதிக்கொடுத்தார். பால் கொடுக்கும் தாய்க்கு மாத்திரையா என்று அவளுடைய உம்மா பதறினார். இந்த மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கிறது, அதனால் பாலூட்டும் தாய்மாருக்கு இதை முதலில் தேர்ந்தெடுப்பது வழக்கம் என்று மருத்துவர் விளக்கினார். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தெளிந்தவுடன் தானாக நிறுத்திவிடக் கூடாது. நலமடைந்த பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்லியபடி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும் என்றும் கூறினார். இவற்றில் எதையும் அண்டை வீட்டாரின் அனுபவத்தைக் கொண்டு மாற்றிக்கொள்ளக் கூடாது.

வீட்டாருக்கும் ஒரு வேலை தரப்பட்டது. இரவு பத்து மணிக்குப் பால் கொடுத்த பின், அதிகாலை மூன்று மணி வரை குழந்தை உம்மாவின் அறையில். இடையில் பசித்தால் முன்னரே கறந்து வைத்த பால். ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்க விடுவது மருந்துக்கு இணையான உதவி. "பால் போதவில்லை" என்ற சொல்லை யாரும் அவள் முன் உச்சரிக்கக் கூடாது என்பது மற்றொரு நிபந்தனை. கணவர் ஒரு மாத விடுப்பில் ஊர் வந்தார். ஐந்தாம் வாரத்தில் அவள் குழந்தையைக் கொஞ்சும் குரல் அறைக்கு வெளியே கேட்டது. தொழுகையும் அதன் பின் தானாகவே திரும்பியது.

ஒரு நாளும் காத்திருக்கக் கூடாத நிலை

இதைவிட அரிதான, ஆனால் மிகவும் ஆபத்தான இன்னொரு நிலை உண்டு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் திடீரென்று தொடங்கும் மனப்பிறழ்வு அது. இரண்டு மூன்று இரவுகள் தூங்காமலும் அப்பெண் சோர்வின்றித் திரிவாள். நேற்று அமைதியாக இருந்தவள் இன்று இடைவிடாது பேசுவாள். இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொல்வாள். இது என் குழந்தையல்ல, மாற்றிவிட்டார்கள் என்பாள். உணவில் நஞ்சு கலந்திருப்பதாகச் சந்தேகிப்பாள். ஒரு மணி நேரம் தெளிந்து பேசுவாள், மறு மணியில் எங்கே இருக்கிறோம் என்றே அறியாதவள் ஆவாள். தனக்கோ குடும்பத்தில் ஒருவருக்கோ முன்பு இருதுருவ மனநோய் இருந்திருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். அதைக் கர்ப்ப காலத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊர்களில் இந்த அறிகுறிகளைக் கண்டவுடன் முதலில் எழும் சொல் ஜின் என்பதுதான். ஓதிப் பார்க்க ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் அலைந்து, தாயத்துக் கட்டி, வாரங்கள் கழிகின்றன. என் கருத்தை ஒளிவின்றிச் சொல்கிறேன்: ஓதுவதை விட்டுவிடுங்கள் என்று நான் கூறவில்லை. குர்ஆன் வசனங்களை ஓதுவது நபிவழி. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்வதும் நபி (ஸல்) அவர்கள் ஏவியதே. ஆகவே ஓதுவதை மருத்துவமனைக்குச் செல்லும் வண்டியிலேயே ஓதலாம். இந்நிலையில் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் தாயின் உயிருக்கும் குழந்தையின் உயிருக்கும் ஆபத்து. அவளைத் தனியாக விடக் கூடாது. குழந்தையுடன் தனித்திருக்கவும் விடக் கூடாது. தக்க சிகிச்சை கிடைத்தால் இந்நோய் நன்றாகவே குணமாகும் என்பதுதான் தாமதத்தை இன்னும் துயரமானதாக ஆக்குகிறது. ஓதிப் பார்க்க வருவோரிடம், "முதலில் மருத்துவமனைக்குப் போங்கள்" என்று சொல்லும் ஆலிம் ஓர் உயிரைக் காத்தவர் ஆவார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். குழந்தை கைதவறி விழுவது போல, தானே அதற்குத் தீங்கு செய்வது போலச் சட்டென்று தோன்றி மறையும் காட்சிகள் நல்ல தாய்மார் பலருக்கும் வருவதுண்டு. அதைக் கண்டு அவள் நடுங்குகிறாள், வெறுக்கிறாள், கத்தி இருக்கும் சமையலறைக்குள் போகவே அஞ்சுகிறாள் என்றால், அது பதற்றத்தின் அடையாளம். மருத்துவரிடம் சொல்ல வேண்டியதுதான், எனினும் அவள் கொடியவள் அல்லள். அச்சமின்றி, அதுவே சரி என்று நம்பிப் பேசுவதுதான் மேலே சொன்ன அவசர நிலை.

எப்போது, யாரிடம்?

சுருங்கச் சொன்னால் கணக்கு இதுதான். முதல் இரண்டு வாரம் ஓய்வும் அரவணைப்பும் கொடுத்துக் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் துயரமோ தூக்கமின்மையோ நீடித்தால் அந்த வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள், நாற்பதுக்குக் காத்திருக்க வேண்டாம். இறந்துவிடலாம் என்ற பேச்சோ, குழப்பமான பேச்சோ எழுந்தால் அன்றே, அந்த நேரமே செல்லுங்கள்.

முதலில் பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ, வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே தெரிந்துவிடுமோ என்று அஞ்சுவோர் டெலிமானஸ் உதவி எண்ணான 14416ஐ அழைக்கலாம். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உண்டு. இலங்கையில் 1926. தாயை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் குழந்தையைப் பிரிக்க வேண்டியிருக்குமோ என்ற அச்சத்துக்கும் விடை இருக்கிறது: பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் ஒன்றாகவே வைத்துச் சிகிச்சை அளிக்கும் தனிப்பிரிவு செயல்படுகிறது.

தந்தையரையும் மறக்க வேண்டாம். குழந்தை பிறந்த முதல் ஆண்டில் தந்தையரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அவர்கள் அழுவதில்லை, எரிந்து விழுகிறார்கள், வேலையில் ஒளிந்துகொள்கிறார்கள், பேச்சைக் குறைத்துவிடுகிறார்கள். கடல் கடந்து தனியறையில் இருக்கும் வாப்பாவின் மௌனத்தையும் யாரேனும் விசாரிக்க வேண்டும்.

இனி பிள்ளை பெற்ற வீட்டுக்கு நலம் விசாரிக்கச் செல்லும்போது, குழந்தை யாரைப் போல இருக்கிறது, எடை எவ்வளவு என்பனவற்றுக்கு முன், தாயைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: "குழந்தை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருகிறதாம்மா?" இல்லை என்று அவள் தலையசைத்தால், அன்று எத்தனையாம் நாள் என்று எண்ணிப் பாருங்கள். பதினான்கைத் தாண்டியிருந்தால் அவள் உம்மாவிடமும் கணவரிடமும் பேசிவிட்டே அந்த வீட்டைவிட்டுக் கிளம்புங்கள். நம் தாய்மாருக்கும் அவர்கள் மடியில் உறங்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நலத்தை அருள்வானாக.